அனுமதி அட்டையில் வேறொரு முகம்: பரீட்சைக்கு முன் எழுதவேண்டிய மின்னஞ்சல்



சென்ற மாத நிகழ்ச்சியில் அவசரமாகச் சொல்லி முடித்த ஒரு விடயத்தை எழுத்திலும் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். பரீட்சை அனுமதி அட்டையில் புகைப்படமோ பிறந்த திகதியோ பிழையாக வந்துவிட்டால் பரீட்சை அதிகாரிக்கு எப்படி எழுதுவது என்பதுதான் அது. நான் கல்வி அதிகாரி அல்ல. பட்டம் வணிகவியலில், தொழில் கணக்கு எழுதுவது. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றை அருகிலிருந்து பார்த்ததால் இதைச் சொல்லத் துணிகிறேன். அருகில் என்றால் தொலைபேசியில்தான். நான் ரொம்மனில், பிள்ளை திருச்சிக்குப் பக்கத்தில்.

என் பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவ, 1990இல் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனவ. நாங்கள் நோர்வேக்கு வந்தோம், அவ முகாமில் தங்கிவிட்டா. 2021இல் தமிழ்நாடு அரசு அந்த முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அங்கே பிறந்த அக்காவின் மகள் 2023இல் பி.காம். மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நவம்பர் 15ஆம் திகதி புதன்கிழமை அவளுக்கு ஐந்தாம் பருவத் தேர்வு தொடங்கவேண்டும். 6ஆம் திகதி திங்கட்கிழமை மாலை எனக்குத் தொலைபேசி வந்தது.

"மாமா, என்ர ஹால் டிக்கெட்டில வேற பிள்ளையின்ர படம் இருக்கு. பிறந்த தேதியும் பிழை."

முதலில் ஒரு சொல் விளக்கம். நாங்கள் பரீட்சை, அனுமதி அட்டை, திகதி என்போம். அங்கே தேர்வு, ஹால் டிக்கெட் அல்லது நுழைவுச்சீட்டு, தேதி என்பார்கள். எங்கள் பரீட்சை ஆணையாளரின் இடத்தில் அங்கே பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருக்கிறார். கடிதம் எழுதும்போது அவர்களுடைய சொல்லையே எழுதவேண்டும். வாசிப்பவர் ஒரு கணம்கூடத் தடுமாறக்கூடாது.

அவள் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள். பெயர், பதிவெண், பாடங்கள், மையம் எல்லாம் சரி. புகைப்படத்தில் மட்டும் யாரோ ஒரு பிள்ளை. பிறந்த திகதி 07.11.2003 என்று இருக்கவேண்டிய இடத்தில் 11.07.2003 என்று இருந்தது. மறுநாள்தான் அவளுக்கு இருபதாவது பிறந்தநாள்!

நாட்காட்டியைப் பார்த்தேன். 12ஆம் திகதி ஞாயிறு தீபாவளி. 13ஆம் திகதி திங்களுக்குத் தமிழ்நாடு அரசு விடுமுறை அறிவித்திருந்தது. 11ஆம் திகதி மாதத்தின் இரண்டாம் சனி, அலுவலகங்கள் திறக்கா. பரீட்சைக்கு ஒன்பது நாள் இருப்பதுபோலத் தெரிந்தாலும், திருத்தம் செய்யக்கூடிய வேலைநாள் செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்குதான். 14ஆம் திகதியும் வேலைநாள்தான், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. இப்படி நாளை எண்ணிப் பார்ப்பதுதான் முதல் வேலை. அட்டை கையில் கிடைத்த அன்றே ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கவேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான்.

அன்றிரவே நான் ஒரு பிழை விட்டேன். ஒஸ்லோவில் இருந்து, என் சொந்த மின்னஞ்சலில், தேர்வுப் பிரிவுக்கு நீளமாக எழுதினேன். 1990இல் நாடு விட்டதில் தொடங்கி, முகாம் வாழ்க்கை, பிள்ளையின் கெட்டித்தனம், தாயின் கண்ணீர் எல்லாம் எழுதினேன். எந்தப் பதிவெண்ணில் எந்த விபரம் பிழை என்பது நான்காவது பந்தியில்தான் வந்தது. மறுநாள் ஒற்றை வரியில் பதில் வந்தது: கல்லூரி முதல்வர் வழியாக அனுப்பவும்.

கோபப்பட எனக்கு உரிமை இல்லை. என் அலுவலகத்துக்கு முகம் தெரியாத ஒருவர் எழுதி, இன்னொருவருடைய கணக்கில் பெயரை மாற்றச் சொன்னால் நான் மாற்றுவேனா? மாட்டேன். அதிலும் பரீட்சைப் புகைப்படம் என்பது அவர்களுக்குச் சின்ன விடயம் அல்ல. 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் பெரிய பிரச்சினையாக வெடித்த நீட் ஆள்மாறாட்டம் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஹால் டிக்கெட்டில் இருந்த படமும் கல்லூரியில் இருந்த மாணவரின் முகமும் ஒத்துப்போகவில்லை என்ற புகாரில்தான் அது தொடங்கியது. படத்தை மாற்றுங்கள் என்று யார் கேட்டாலும் அதிகாரிக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அந்தச் சந்தேகத்துக்கு எங்கள் மின்னஞ்சல் ஆதாரத்தோடு பதில் சொல்லவேண்டும். எங்கள் துயரக்கதை அதற்குப் பதில் ஆகாது.

செவ்வாய்க்கிழமை போய்விட்டது. இனி மூன்று நாள்.

அன்று மாலை மருமகளோடு ஆறுதலாகக் கதைத்தேன். கணக்கு எழுதுபவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பக்கம் தொகை பிழைத்தால், மறுபக்கம் எங்கே பிழைத்திருக்கிறது என்று தேடுவான். உன் படம் இங்கே இல்லை என்றால் அது எங்கே போனது? உனக்கு முன் எண்ணும் பின் எண்ணும் யாருடையவை, அவர்களுடைய அட்டையைப் பார் என்றேன். அரைமணி நேரத்தில் பதில் வந்தது. அடுத்த பதிவெண் பிள்ளையின் அட்டையில் மருமகளின் படம் இருந்தது. அதற்கு அடுத்த எண்ணில் எல்லாம் சரி.

இந்தச் சோதனையால் பிழையின் வகை தெரிந்துவிட்டது. பொதுவாகக் கல்லூரி அலுவலகம் மாணவர்களின் படங்களைக் கோப்புகளாகக் கணினியில் ஏற்றும். ஒவ்வொரு கோப்புக்கும் பதிவெண்தான் பெயர். இரண்டு கோப்பின் பெயர் மாறிப்போனால் இரண்டு முகம் இடம் மாறும். எங்களுக்கு நடந்தது அதுதான். பட்டியலில் ஒரு வரி வழுகிப்போயிருந்தால் அந்த எண்ணிலிருந்து கடைசி வரைக்கும் எல்லோருடைய முகமும் ஒவ்வோர் இடம் தள்ளி நிற்கும். அப்படியானால் தனி ஒருவர் எழுதுவதில் பயனில்லை, கல்லூரி முழுப் பட்டியலையும் திரும்ப ஏற்றவேண்டும். அதனால் எழுதமுன் பக்கத்து எண்கள் இரண்டையும் பார்ப்பது அவசியம். 'என் படம் பிழை' என்று மட்டும் எழுதினால் அலுவலர் தேடவேண்டும். 'இந்த இரண்டு எண்களின் படங்கள் ஒன்றுக்கொன்று மாறியுள்ளன' என்று எழுதினால் அவர் ஒரு நிமிடத்தில் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்வார். மற்றப் பிள்ளையும் அட்டையைப் பார்த்திருக்கவே இல்லை. பரீட்சை மண்டபத்தில்தான் அவளுக்குத் தெரியவந்திருக்கும்.

இனிப் பிறந்த திகதி. 07.11 எப்படி 11.07 ஆகும்? கை தவறி அடித்தால் ஓர் எண் மாறும், அல்லது பக்கத்து எண் விழும். நாளும் மாதமும் அப்படியே இடம் மாறினால் அது பெரும்பாலும் கணினியின் வேலை. எக்செல் பாவிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது முதலில் மாதத்தைத் தேடும். 07/11/2003 என்று கொடுத்தால் யூலை 11 என்று எடுத்துக்கொண்டு, பிறகு எங்கள் முறையில் காட்டச் சொன்னால் 11-07-2003 என்று காட்டும். எச்சரிக்கை எதுவும் வராது. 25/11/2003 என்று கொடுத்தால் 25ஆம் மாதம் என்று ஒன்று இல்லாதபடியால், அது திகதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். பிராந்திய அமைப்பு மாறிய கணினியில் திறந்த பட்டியலில் திகதிகள் சில கட்டத்தின் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால், வலப்பக்கம் நிற்பவற்றைச் சந்தேகிக்கவேண்டும்.

இதனால் 12ஆம் திகதிக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பிழை வருவதில்லை. ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள் என்றால் வருடத்தில் 144 நாள். அதில் 1.1, 2.2, 3.3 போன்ற 12 நாள் மாறினாலும் அதேதான். மிச்சம் 132 பிறந்தநாள். மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே கூட. உங்கள் பிள்ளையின் பிறந்தநாள் இந்த 132இல் ஒன்று என்றால், எந்தப் படிவத்திலும் திகதியை இருமுறை பாருங்கள். திகதியை எழுதும்போது மாதத்தைச் சொல்லாக எழுதுவது நல்லது. '7 நவம்பர் 2003' என்று எழுதியதை யாராலும் திருப்பி வாசிக்க முடியாது.

புதன்கிழமை காலை இரண்டு பிள்ளைகளும் கல்லூரித் தேர்வுப் பிரிவுக்குப் போனார்கள். அவர்களுடைய கல்லூரி பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரிக்கே சொந்தமாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருப்பார், பல்கலைக்கழகத்துக்கு எழுதி நாளை வீணாக்கத் தேவையில்லை. இணைவுக் கல்லூரி என்றால் முடிவு பல்கலைக்கழகத்தில், ஆனால் அது முதல்வரின் வழியாகத்தான் போகவேண்டும். முதல்வர் ஒரு பக்கக் கடிதத்தில் இரண்டு பதிவெண்ணையும் எழுதி, இரண்டு படத்தையும் ஒட்டி, கையொப்பமிட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார். கல்லூரி தன் அலுவலக மின்னஞ்சலில் அதை அனுப்பியது. மருமகள் தான் சேரும்போது பதிந்த மின்னஞ்சலில் இருந்து தனியாக ஒன்று அனுப்பி, முதல்வருக்கும் பிரதி வைத்தாள். அதன் வாசகத்தை முதல்நாள் இரவு நாங்கள் தொலைபேசியில் சேர்ந்து எழுதினோம். தமிழிலேயே எழுதினோம். தமிழ்நாட்டில் ஆட்சிமொழி தமிழ்தானே. பதிவெண்களை மட்டும் மாற்றி இங்கே தருகிறேன்.

பொருள்: ஹால் டிக்கெட் திருத்தம் – பதிவெண் 1041 – பி.காம். ஐந்தாம் பருவம் – முதல் தேர்வு 15 நவம்பர் 2023

மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,

நான் மேற்கண்ட பதிவெண்ணில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. 6 நவம்பர் 2023 அன்று பெற்ற என் ஹால் டிக்கெட்டில் இரண்டு விவரங்கள் தவறாக உள்ளன.

1. புகைப்படம். என் ஹால் டிக்கெட்டில் பதிவெண் 1042 மாணவியின் படம் உள்ளது. என் படம் அவருடைய ஹால் டிக்கெட்டில் உள்ளது. இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று மாறியுள்ளன. ஆதாரம்: கல்லூரி முதல்வர் சான்றளித்த கடிதம், என் கல்லூரி அடையாள அட்டை.

2. பிறந்த தேதி. ஹால் டிக்கெட்டில் உள்ளது: 11.07.2003. இருக்க வேண்டியது: 07.11.2003 (7 நவம்பர் 2003). நாளும் மாதமும் இடம் மாறியுள்ளன. ஆதாரம்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். கல்லூரியில் சேரும்போது இதே சான்றிதழையே கொடுத்தேன்.

புகைப்படத்தைத் தேர்வுக்கு முன் திருத்தித் தருமாறும், தேர்வு மையத்துக்கு அனுப்பும் வருகைப் பதிவுத் தாளிலும் அதே திருத்தத்தைச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பிறந்த தேதியைத் தேர்வுக்கு முன் திருத்த இயலாவிட்டால், மதிப்பெண் பட்டியல் அச்சிடும் முன் திருத்தித் தர வேண்டுகிறேன்.

இணைப்புகள்: ஹால் டிக்கெட், முதல்வர் கடிதம், அடையாள அட்டை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், என் புகைப்படம்.

கீழே பெயர், பதிவெண், கல்லூரி, தொலைபேசி எண். அவ்வளவுதான்.

பொருள் வரியில் பதிவெண்ணும் பரீட்சை நாளும் இருக்கின்றன. பரீட்சைக்கு முந்திய வாரத்தில் அந்த அலுவலகத்துக்குப் பல மின்னஞ்சல்கள் வரும், திறவாமலே எது அவசரம் என்று தெரியவேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் என்ன இருக்கிறது, என்ன இருக்கவேண்டும், எதை வைத்துச் சொல்கிறேன் என்று மூன்று விபரம் வரிசையாக வருகின்றன. இணைப்புக் கோப்புகளுக்கு `1041_hallticket.pdf`, `1041_sslc.pdf`, `1041_photo.jpg` என்று பதிவெண்ணோடு பெயர் வைத்தோம். `scan001.pdf` என்று அனுப்பினால், அவர் அதைத் தரவிறக்கிய பிறகு யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. அதுவே இன்னொரு படமாற்றத்துக்கு வழியாகிவிடும்.

இரண்டு பிழையையும் ஒரே அவசரமாகக் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். படம் பிழை என்றால் மண்டப வாசலிலேயே பிரச்சினை. திகதி பிழை என்றால் பெரும்பாலும் அன்று ஒன்றும் நடக்காது, ஆனால் அதே பதிவிலிருந்து மதிப்பெண் பட்டியலும் பட்டமும் அச்சாகிவரலாம். அகதிக் குடும்பத்துப் பிள்ளைக்கு அதுதான் பின்னால் வந்து அடிக்கும். நாளைக்கு அவள் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிரசாவுரிமைக்கோ கடவுச்சீட்டுக்கோ போனால், ஒரு பத்திரத்தில் நவம்பர், இன்னொன்றில் யூலை என்று நிற்கும். மற்றப் பிள்ளைகளுக்கு ஓர் அலைச்சலோடு முடிவது, நாடற்றுப் பிறந்த பிள்ளைக்கு 'நீ யார்' என்ற கேள்வியாகவே மாறிவிடும்.

வியாழன் பதில் இல்லை. நவம்பரில் இந்தியா எங்களைவிட நான்கரை மணி நேரம் முன்னால். அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே ஐந்தரை. வெள்ளி விடியவே எழுந்து மருமகளைத் தொலைபேசி எடுக்கச் சொன்னேன். நான் எடுக்கவில்லை. சம்பந்தப்பட்டவர் கேட்டால்தான் பதில் சொல்வார்கள் என்று செவ்வாயன்றே படித்துவிட்டேனே. அனுப்பிய நேரத்தையும் பதிவெண்ணையும் சொல்லி, கிடைத்ததா என்று மட்டும் கேட்டாள். அன்று பின்னேரம் சரியான படத்தோடு புதிய அட்டை இணையத்தில் வந்துவிட்டது. திகதி மட்டும் பழையபடியே இருந்தது.

அக்கா வீட்டில் தீபாவளி நிம்மதியாகப் போனது. ஆனால் புதன்கிழமை காலை மண்டபத்தில் இன்னொன்று காத்திருந்தது. மேற்பார்வையாளர் கையொப்பம் வாங்கக் கொண்டுவந்த வருகைப் பதிவுத் தாளில் பழைய படமே இருந்தது! அட்டையில் ஒரு முகம், தாளில் ஒரு முகம். அந்தத் தாள் மையத்துக்கு முன்னமே அச்சாகிப் போய்விட்டது. நாங்கள் கடிதத்தில் கேட்டிருந்தும் அது நேரத்துக்கு நடக்கவில்லை. மருமகள் பதறாமல் நான்கு தாளை எடுத்து வைத்தாள்: பழைய அட்டை, புதிய அட்டை, கல்லூரி அடையாள அட்டை, முதல்வரின் கடிதத்தின் பிரதி. மையத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் வந்து பார்த்து, அவளிடம் ஒரு உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு எழுத விட்டார். பத்து நிமிடம் போனது. பழைய அட்டையைக் கிழித்து எறிந்திருந்தாலோ, கடிதத்தின் பிரதி கையில் இல்லாதிருந்தாலோ இன்னும் போயிருக்கும்.

இதில் எனக்கு விளங்கியது ஒன்று. எங்கள் கையில் இருக்கும் அட்டை வெறும் பிரதி. மூலம் பல்கலைக்கழகத்தின் கணினிப் பதிவில் இருக்கிறது. அதிலிருந்துதான் அட்டையும் வருகைத் தாளும் மதிப்பெண் பட்டியலும் தனித்தனி நாளில் அச்சாகின்றன. அட்டை திருந்திவிட்டது என்பதால் மற்ற இரண்டும் திருந்திவிட்டன என்று நினைக்கக்கூடாது. அதேபோல் பிழையான படத்தின்மேல் நாமாகவே சரியான படத்தை ஒட்டுவதோ, பேனாவால் திகதியை வெட்டி எழுதுவதோ கூடாது. மூலத்தில் ஒன்று, கையில் வேறொன்று என்றால் அது திருத்தமாக அல்ல, மோசடியாகத்தான் தெரியும். அப்படி ஒட்டவேண்டும் என்றால் அதைக் கல்லூரியோ பள்ளியோ செய்து சான்றளிக்கவேண்டும்.

திருத்தம் நேரத்துக்கு வராவிட்டால் பரீட்சைக்குப் போகாமல் இருந்துவிடலாமா? கூடவே கூடாது. இந்தியாவில் நீட், ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகளை நடத்தும் தேசியத் தேர்வு முகமை இதைத் தன் அறிவுறுத்தல்களில் எழுதியே வைத்திருக்கிறது. விபரம் பிழைத்திருந்தால் உடனே தெரிவிக்கவேண்டும், ஆனால் தரவிறக்கிய அதே அட்டையோடு போய்ப் பரீட்சை எழுதவேண்டும், பதிவைப் பின்னர் திருத்துவார்கள். தவறவிட்ட பரீட்சையைத் திருப்பித் தரச்சொல்லி எந்த மின்னஞ்சலும் எழுத முடியாது.

ஊரில் உறவுப் பிள்ளைகள் சாதாரண தரம், உயர்தரம் எழுதுபவர்களாக இருந்தால் வழி வேறு, முறை இதேதான். அங்கே பரீட்சைத் திணைக்களம் பத்தரமுல்லை பெலவத்தையில் இருக்கிறது. பாடசாலைப் பரீட்சார்த்திகளின் அனுமதி அட்டை அதிபருக்குப் போகும், திருத்தமும் அதிபர் வழியாகவே. தனிப்பட்ட பரீட்சார்த்தி தானே திணைக்களத்தைத் தொடர்புகொள்ளவேண்டும். doenets.lk தளமும் 1911 என்ற உடனடித் தொலைபேசி இலக்கமும் அதற்கு இருக்கின்றன. பெயர், பாடம், மொழிமூலம், பிறந்த திகதி போன்றவற்றைத் திருத்த இறுதி நாள் ஒன்றை ஒவ்வொரு பரீட்சைக்கும் அறிவிப்பார்கள். அங்கே மண்டபத்தில் முகத்தை உறுதிப்படுத்துவது பெரும்பாலும் தேசிய அடையாள அட்டைதான். அதனால் அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

கடைசியாக, எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்று. இதுவரை சொன்னதெல்லாம் திருத்தம். அடிப்படைப் பத்திரம் சரி, அதைப் பார்த்து எழுதியது பிழை. அடிப்படைப் பத்திரமே பிழையாக இருந்தால் அது மாற்றம். அதைப் பரீட்சை அதிகாரியால் செய்ய முடியாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2021 யூன் 3ஆம் திகதி, ஜிக்யா யாதவ் என்ற மாணவி சிபிஎஸ்இ கல்வி வாரியத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கின் தீர்ப்பில் இந்த வேறுபாட்டை விரிவாகப் பேசியது. பாடசாலைப் பதிவோடு ஒத்துப்போகச் செய்வது ஒரு வகை, புதிய விபரத்தைப் பதியச் சொல்வது இன்னொரு வகை, இரண்டுக்கும் கேட்கும் ஆதாரம் வேறு என்பது அதன் சாரம்.

இது எங்களுக்கு மிகவும் பொருந்தும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தவர்கள் சிலர், முகவர் கொடுத்த கடவுச்சீட்டின் திகதியோடு பதிந்தோம். நோர்வேயில் எங்கள் பதினொரு இலக்கத் தனிநபர் எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள், மாதம், வருடம். இங்கே தனிப் பரீட்சார்த்தியாகப் பரீட்சை எழுதப் பதிவதும் அந்த எண்ணோடுதான், மண்டபத்தில் காட்டுவது செல்லுபடியான அடையாள ஆவணம். ஹால் டிக்கெட் படத்துக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் திகதி பிழை என்றால் அது எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு அதை மாற்றுவதென்றால் குடிவரவு அதிகாரிகள் ஆதாரத்தைப் பார்த்து ஏற்கவேண்டும், பிறகு மக்கள் பதிவேட்டில் புதிய எண்ணே வரும். ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலை அல்ல. அதனால் மின்னஞ்சலைத் தொடங்கமுன் உங்களை நீங்களே ஒன்று கேளுங்கள்: என் மூலப் பத்திரத்தில் என்ன இருக்கிறது? அதில் சரியாக இருந்தால் இன்றிரவே எழுதுங்கள். அதிலேயே பிழை என்றால், இந்தப் பரீட்சைக்கு மூலத்தில் உள்ளபடியே பதிந்து எழுதிவிட்டு, மாற்றத்தைத் தனி வேலையாக ஆறுதலாகத் தொடங்குங்கள்.

மருமகளின் திகதிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். டிசம்பரில் அவள் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே, புதிதாகத் தொடங்காமல், இரண்டு வரி எழுதி நினைவூட்டினாள். அடுத்த பருவத்துக்கு 2024 ஏப்ரலில் வந்த ஹால் டிக்கெட்டில் 07.11.2003 என்று இருந்தது. அவளுடைய முகமும் இருந்தது. படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். நான் அதைப் பெருப்பித்து, பாடங்களின் குறியீட்டு எண் வரைக்கும் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்த பிறகுதான் சந்தோசப்பட்டேன்.

அடுத்த மாதம் வானலையில் சந்திப்போம். வணக்கம்.